விரல் நுனி உரிகிறதா? காய்ச்சலின் நாட்களை எண்ணுங்கள்

"டாக்டர், என் பையனுக்கு 2 வயது 10 மாதம், எடை 12 கிலோ. காய்ச்சல் ஆரம்பித்து இன்றோடு 14 நாள். முதல் 9 நாள் 103-க்குக் குறையவில்லை, இப்போது சாயங்காலம் மட்டும் 100.5 காட்டுகிறது. மூன்று டாக்டரிடம் காட்டிவிட்டோம், இரண்டு ஆன்டிபயாட்டிக் மாற்றினார்கள், டெங்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் உடம்பில் தடிப்பைப் பார்த்து அம்மை என்று வேப்பிலை வைத்தோம். உதடு வெடித்ததற்கு வைட்டமின் குறைபாடு என்று சிரப் கொடுத்தார்கள். இன்று காலையிலிருந்து விரல் நுனியில் தோல் உரிகிறது. காய்ச்சல் விட்டால் அப்படித்தான் உரியும் என்கிறார் மாமியார். போனில் எடுத்த நாலு படமும் பத்தாவது நாள் எடுத்த ரத்த ரிப்போர்ட்டும் அனுப்பியிருக்கிறேன். பயப்பட வேண்டியதா?"

மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் செய்ய வேண்டியது இது. இன்றே, முடியாவிட்டால் நாளை காலை, குழந்தைகள் இதய நோய் மருத்துவர் இருக்கிற பெரிய மருத்துவமனைக்கு, அது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருந்தாலும் சரி, பையனைத் தூக்கிக்கொண்டு போங்கள். அங்கே போனதும் "14 நாள் காய்ச்சல், கவாசாகி நோயாக இருக்குமோ என்று சந்தேகம், கரோனரி குழாய்களை அளந்து எக்கோ பார்க்க வேண்டும்" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். "விரல் உரிகிறது" என்று மட்டும் சொன்னால் தோல் டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள். நடுவில் பையன் வெளிறிப்போய், வியர்த்து, காரணமில்லாமல் வாந்தி எடுத்து, மூச்சு வாங்கினால், கை கால் சில்லிட்டால், விடிய வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிட்டு அப்போதே கிளம்புங்கள்.

கவாசாகி என்பது குழந்தைகளின் ரத்தக்குழாய்ச் சுவர் அழன்றுபோகிற நோய், கரோனரி என்பவை இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள், எக்கோ என்பது இதயத்தைப் பார்க்கிற ஸ்கேன். இப்போது ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்று சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படங்களில் நான் முதலில் பார்த்தது படத்தை அல்ல, அவற்றின் தேதியை. மூன்றாம் நாள் வயிற்றில் தடிப்பு, ஐந்தாம் நாள் உதடு, ஆறாம் நாள் நாக்கு, பதினான்காம் நாள் விரல். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் காரணம் சொல்லிவிடலாம், சொல்லியும் இருக்கிறார்கள். தடிப்பா, அம்மை. உதடா, வைட்டமின். விரலா, காய்ச்சல் இறங்கிய உரிதல். மூன்று டாக்டர்கள் மூன்று வெவ்வேறு நாளில் பார்த்திருக்கிறார்கள், ஒருவர் பார்த்ததை அடுத்தவர் பார்க்கவில்லை. இந்த நோயின் பெரிய சிக்கலே இதுதான்: அடையாளங்கள் ஒரே நாளில் கூடி வந்து நிற்காது, ஒன்று வந்து மறைந்த பிறகு இன்னொன்று வரும். எல்லா நாளும் கூடவே இருந்தது உங்கள் போன் மட்டும்தான். அதனால் அந்தக் கேலரியைத் தேதி வாரியாக டாக்டரிடம் காட்டுங்கள், எந்தப் படத்தையும் அழித்துவிடாதீர்கள்.

உதட்டுப் படம் தெளிவாக இருக்கிறது. மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து, செங்குத்தாக வெடித்து, கீழுதட்டில் ஒரு இடத்தில் ரத்தம் உறைந்திருக்கிறது. வைட்டமின் குறைவால் வரும் வெடிப்பு பெரும்பாலும் வாயோரத்தில் புண்ணாக ஆரம்பிக்கும், உதடு முழுக்க இப்படி ரத்தச் சிவப்பாக மாறாது. ஆனால் அந்தப் படத்தில் எனக்கு உதட்டைவிட முக்கியமாகப் பட்டது மேலே பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிற கண்கள். இரண்டும் சிவந்திருக்கின்றன, ஆனால் பீளை இல்லை, இமை ஒட்டவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் கருவிழியை ஒட்டி மெல்லிய வளையமாக ஒரு பகுதி மட்டும் வெள்ளையாகவே இருக்கிறது. சாதாரண கண்வலி இப்படி இருக்காது. "அழுதுகொண்டே இருந்தான், அதனால் கண் சிவந்திருக்கும்" என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

நாக்குப் படம் விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. காய்ச்சலுக்குக் கொடுக்கிற சிரப்புகளில் நிறைய சிவப்பு அல்லது ரோஸ் நிறச் சாயம் கலந்தவை, குடித்த கையோடு படம் எடுத்தால் எந்த நாக்கும் செக்கச்செவேல் என்றுதான் இருக்கும். அதனால் நான் நிறத்தைவிட மேற்பரப்பைத்தான் பார்ப்பேன். உங்கள் பையன் நாக்கில் சின்னச் சின்ன முண்டுகள் தடித்து மேலே எழும்பி நிற்கின்றன, ஸ்ட்ராபெரி பழத்தின் தோல் மாதிரி. சாயம் இதைச் செய்யாது. அதே படத்தின் ஓரத்தில் உங்கள் விரலைப் பிடித்துத் தள்ளுகிற அவன் கை தெரிகிறது. புறங்கை பொம்மென்று வீங்கி, விரல் கணுக்களின் மடிப்பே தெரியவில்லை. அந்த நாட்களில் அவன் நடக்க மறுத்தானா, டம்ளரைப் பிடிக்க மறுத்தானா என்று யோசித்துப் பாருங்கள். பெண் குழந்தைகளின் அம்மாக்கள் "கொலுசு இறுகிப்போச்சு டாக்டர்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன், எனக்கு அந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்திருக்கிறது.

அப்புறம் இன்றைய விரல் படம். தோல் எங்கே உரிய ஆரம்பித்திருக்கிறது என்று கவனியுங்கள். நகமும் விரல் நுனியும் சேர்கிற கோட்டில் பிளந்து, அங்கிருந்து கையுறையைக் கழற்றுவது போல ஒரே தகடாகப் பின்னோக்கி வருகிறது. வலி இருக்காது, அவனே பிய்த்துக்கொண்டிருப்பான். காய்ந்து செதில் செதிலாக உதிர்வது வேறு, விரல் சூப்புவதால் ஒரே ஒரு விரல் மட்டும் உரிவது வேறு. நகத்தடியில் தொடங்கிப் பத்து விரலிலும் வருகிற இந்த உரிதல், கவாசாகி நோயில் காய்ச்சல் தொடங்கி இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வருவது. அதாவது இது ரொம்பத் தாமதமாக வருகிற அடையாளம். விரல் உரியட்டும், அப்புறம் உறுதி செய்யலாம் என்று காத்திருந்தால் மருந்து கொடுக்க வேண்டிய நல்ல நாட்கள் போய்விடும். விரலைப் பார்த்துத்தான் நிறையப் பேருக்குச் சந்தேகமே வருகிறது, அதுதான் துயரம். உங்கள் மாமியார் சொன்னதில் பாதி சரிதான், காய்ச்சலுக்குப் பிறகு தோல் உரியும். எந்தக் காய்ச்சலுக்குப் பிறகு என்பதுதான் கேள்வி.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கவாசாகி நோய்க்கு இந்த ஒரு ரத்தப் பரிசோதனை என்று தனியாக எதுவும் கிடையாது, அடையாளங்களை எண்ணித்தான் முடிவு செய்கிறோம். குறைந்தது ஐந்து நாள் காய்ச்சல், அதோடு ஐந்து அடையாளங்களில் நான்கு இருக்க வேண்டும். பீளையில்லாத சிவந்த கண்கள் ஒன்று, உதடு வாய் நாக்கு மாற்றம் ஒன்று, உடம்பில் தடிப்பு ஒன்று, கை கால் வீக்கம் சிவப்பு அல்லது பின்னால் வரும் உரிதல் ஒன்று, கழுத்தில் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாத நெறிக்கட்டு ஒன்று. உங்கள் படங்களிலிருந்தே நான்கு கிடைக்கின்றன. கழுத்தில் கட்டி இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை, இருந்திருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டாலும் கணக்கு மாறாது. படத்தை வைத்து நான் நோயை உறுதி செய்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உறுதி செய்யக் குழந்தையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் நாளைக்குள் எக்கோ பார்க்க வேண்டும் என்று சொல்ல இந்தப் படங்களே தாராளம்.

ரத்த ரிப்போர்ட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தட்டணுக்கள் 6,80,000 என்று இருக்கிறது, பக்கத்தில் யாரோ பேனாவால் டிக் போட்டிருக்கிறார்கள். டெங்கு பயம் நம் ஊரில் எப்படி ஊறியிருக்கிறது என்றால், தட்டணு குறைந்தால்தான் ஆபத்து, கூடினால் நல்லது என்று வீட்டிலும் கிளினிக்கிலும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறோம். இந்த நோயில் கதை நேர் எதிர். முதல் வாரம் தாண்டிய பிறகு தட்டணுக்கள் நாலரை லட்சத்தைத் தாண்டி ஏறும், மூன்றாவது வாரத்தில் சிலருக்குப் பத்து லட்சம் வரைகூடப் போகும். உங்கள் ரிப்போர்ட்டில் அழற்சியைக் காட்டுகிற இஎஸ்ஆர் 86, வெள்ளையணுக்கள் 17,400, ஹீமோகுளோபின் 9.6. இரண்டு ஆன்டிபயாட்டிக் முடித்தும் உள்ளே அழற்சி அடங்கவில்லை என்பதைத்தான் இந்த எண்கள் சேர்ந்து சொல்கின்றன. டெங்கு இல்லை என்பது இந்த ரிப்போர்ட்டின் முடிவாக ஆகிவிட்டது, அதுதான் கேள்வியின் தொடக்கமாக இருந்திருக்க வேண்டும்.

உதடும் விரலும் ஆறிவிடும், அவற்றுக்கு மருந்துகூடத் தேவையில்லை. நாம் பயப்படுவது இதயத்தைப் பார்த்து. இது நடுத்தர அளவு ரத்தக்குழாய்களின் சுவர் அழன்றுபோகிற நோய், அதிலும் இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகிற கரோனரி குழாய்கள் மேல் இதற்கு ஒரு தனிக் கண். இந்த வயதில் அந்தக் குழாயின் குறுக்களவு சுமார் 2 மில்லிமீட்டர், ஒரு பென்சில் முனை அளவு. அதன் சுவரில் இருக்கிற மீள்தன்மையுள்ள அடுக்கு அழற்சியில் அறுந்துபோனால், சைக்கிள் டியூப் ஒரு இடத்தில் புடைக்கிற மாதிரி குழாய் புடைக்கும். புடைத்த இடத்தில் ரத்தம் வேகம் குறைந்து சுழலும், அதே சமயம் ரத்தத்தில் தட்டணுக்கள் லட்சக்கணக்கில் கூடிக் கிடக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கட்டி. மூன்று வயதுக் குழந்தைக்கு மாரடைப்பு வருவது இப்படித்தான். சிகிச்சை கொடுக்காமல் விட்டால் நான்கு குழந்தைகளில் ஒன்றுக்குக் கரோனரி புடைப்பு வருகிறது, முதல் 10 நாளுக்குள் சரியான மருந்து போனால் அது நூற்றுக்கு நாலைந்தாகக் குறைகிறது. காய்ச்சல் தானாகவே இரண்டு வாரத்தில் இறங்கிவிடும் என்பதுதான் இதில் ஏமாற்று வேலை. காய்ச்சல் இறங்குகிற அதே வாரங்களில்தான் குழாய் புடைப்பது.

இந்த நோய்க்குப் பெயர் தந்த ஜப்பானிய குழந்தை மருத்துவர் டோமிசாகு கவாசாகிக்கே இது முதலில் பிடிபடவில்லை. 1961 ஜனவரியில் டோக்கியோவில் நான்கு வயதுப் பையன் ஒருவனைப் பார்த்தார், எந்தப் பெயரும் ஒட்டவில்லை, பையன் குணமாகி வீட்டுக்குப் போனான். அவர் விடவில்லை, அதே மாதிரி வந்த குழந்தைகளைக் குறித்துக்கொண்டே வந்து 1967-ல் 50 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அப்போதும் பின்விளைவு இல்லாத நோய் என்றுதான் நினைத்தார். இப்படிக் குணமானதாக நினைத்த சில குழந்தைகள் திடீரென்று இறந்து, உடற்கூறு பார்த்தபோதுதான் இதயக் குழாய் விவகாரம் வெளியே வந்தது. எதனால் வருகிறது என்பது இன்னும் தெரியவில்லை. ஏதோ ஒரு கிருமி தூண்டிவிட, சில குழந்தைகளின் எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறிக் கொதிக்கிறது என்பது இப்போதைய பொதுவான எண்ணம். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது, அதனால் வீட்டில் மற்ற குழந்தைகளைப் பிரித்து வைக்க வேண்டாம்.

எக்கோ விஷயத்தில் இரண்டு தவறு நடக்கும், இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். ஒன்று, ஈசிஜி எடுத்துவிட்டு "இதயம் நன்றாக இருக்கிறது" என்று அனுப்பிவிடுவது. ஈசிஜியில் குழாயின் புடைப்பு தெரியாது. இரண்டு, பெரியவர்களுக்குப் பார்க்கிற இடத்தில் எக்கோ எடுத்து, இதயம் சுருங்கி விரிகிற சதவீதத்தை மட்டும் எழுதி "நார்மல்" என்று கையெழுத்துப் போடுவது. உங்களுக்கு வேண்டிய ரிப்போர்ட்டில் இடது முதன்மைக் கரோனரி, எல்ஏடி, ஆர்சிஏ என்று குழாய்களின் பெயர் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் மில்லிமீட்டர் அளவும் இசட் ஸ்கோரும் இருக்க வேண்டும். இசட் ஸ்கோர் என்பது அவன் உடல் அளவுள்ள குழந்தைக்கு இருக்க வேண்டியதைவிடக் குழாய் எவ்வளவு தடித்திருக்கிறது என்கிற கணக்கு, அதனால் எடையோடு உயரத்தையும் அன்றைக்கே சரியாக அளக்கச் சொல்லுங்கள், பழைய சீட்டில் இருந்து எடுத்து எழுத வேண்டாம். 2-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 2.5-ஐத் தொட்டால் புடைப்பு என்று பெயர் வைக்கிறோம், 10-ஐத் தாண்டினால் ராட்சதப் புடைப்பு. வலியில்லாத பரிசோதனைதான், ஆனால் பையன் அசையாமல் படுத்திருக்க வேண்டும். இந்த நோய்க் குழந்தைகளின் எரிச்சல் தெரிந்ததுதானே, தூக்கினாலும் அழுகை, இறக்கினாலும் அழுகை. தூங்க வைக்க ஒரு மருந்து கொடுப்பார்கள், அதற்கு எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, 10 நாள் தாண்டிவிட்டதே, இனி மருந்து பலிக்காதா? அப்படி இல்லை. 10 நாள் என்பது சிறந்த காலம், அதற்குப் பிறகு கதவு சாத்திவிடுவதில்லை. சாயங்காலம் 100.5 வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது முக்கியமான தகவல், அதை விட்டுவிடாமல் சொல்லுங்கள். காய்ச்சல் இன்னும் இருந்தாலோ, எக்கோவில் குழாய் தடித்திருந்து, ரத்தத்தில் அழற்சியைக் காட்டுகிற சிஆர்பி அல்லது இஎஸ்ஆர் கூடுதலாக இருந்தாலோ, 14-வது நாளிலும் இம்யூனோகுளோபுலின் கொடுப்பார்கள். காய்ச்சல் முழுக்க நின்று, சிஆர்பி இறங்கி, எக்கோவும் இயல்பாக இருந்தால் அந்த மருந்து தேவைப்படாமல் போகலாம், அப்போது குறைந்த அளவு ஆஸ்பிரினும் திரும்பத் திரும்ப எக்கோவும் போதும் என்பார்கள். எந்தப் பக்கம் என்பதை நாளைய சிஆர்பியும் எக்கோவும்தான் முடிவு செய்யும்.

இம்யூனோகுளோபுலின் என்பது ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம். அளவு கிலோவுக்கு 2 கிராம், ஒரே தடவை. உங்கள் பையனுக்கு 24 கிராம், அதாவது 5 கிராம் பாட்டில் ஐந்து. விலை கூடுதல், தனியார் மருத்துவமனையில் மருந்துக்கே சில பத்தாயிரங்கள் ஆகும், அதனால் சேர்க்கும்போதே காப்பீட்டுக் கவுன்டரில் கேட்டுவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைக் காசுக்காக மட்டும் சொல்லவில்லை, இந்த நோயை அடிக்கடி பார்க்கிற கண்கள் அங்கே இருக்கின்றன. மருந்தை மெதுவாக, 10 முதல் 12 மணி நேரம் ஏற்றுவார்கள். ஆரம்பத்தில் சொட்டு ரொம்ப நிதானமாகப் போகும், அரை மணிக்கு ஒரு முறை நர்ஸ் வந்து பார்த்து வேகத்தைக் கூட்டுவார். நடுவில் குளிர் நடுக்கம் வந்தால் உடனே கூப்பிடுங்கள், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஏற்றி முடித்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த கணக்கு அங்கிருந்துதான். பெரும்பாலான குழந்தைகள் மறுநாளே வேறு குழந்தையாக எழுந்திருக்கும், பத்து நாளாகச் சிரிக்காதது பிஸ்கட் கேட்கும். ஆனால் மருந்து முடிந்து 36 மணி நேரம் கழித்தும் காய்ச்சல் இருந்தாலோ, விட்டுத் திரும்ப வந்தாலோ, அது முதல் மருந்துக்கு அடங்காத ரகம். பத்தில் ஒன்றோ இரண்டோ குழந்தை இப்படி இருக்கும். இரண்டாவது டோஸ், ஸ்டீராய்டு, இன்ஃப்ளிக்ஸிமாப் என்று அடுத்த வழிகள் உண்டு. அதனால் பையன் விளையாடுகிறான் என்று மறுநாளே டிஸ்சார்ஜ் கேட்டு அடம்பிடிக்காதீர்கள்.

ஆஸ்பிரினைக் கடையில் வாங்கி நீங்களாகக் கொடுக்கவே கூடாது. டெங்கு இருக்கிற ஊரில் அது ரத்தக் கசிவைக் கொண்டுவந்துவிடும். மருத்துவர் எழுதினால் பிந்தைய கட்டத்தில் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம், உங்கள் பையனுக்குத் தோராயமாக 75 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, ஆறு முதல் எட்டு வாரம். அந்த வாரங்களில் வேறு சளிக் காய்ச்சல் வந்தால் ஐபுப்ரோஃபென் சிரப் வேண்டாம், ஆஸ்பிரினின் வேலையை அது கெடுக்கும். பாராசிட்டமால் போதும். வீட்டிலோ பக்கத்திலோ யாருக்காவது சின்னம்மையோ ஃப்ளூவோ வந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். ஆஸ்பிரின் எடுக்கிற குழந்தைக்கு இந்த இரண்டும் வந்தால் ரெய் சின்ட்ரோம் என்று கல்லீரலையும் மூளையையும் தாக்குகிற ஒரு கோளாறு அபூர்வமாக வரும், அதனால் மருந்தை மாற்றுவார்கள். இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் எம்எம்ஆர், சின்னம்மை தடுப்பூசிகளை 11 மாதம் தள்ளிப்போட வேண்டும், முன்னாடியே போட்டால் ஊசி பலிக்காது. தடுப்பூசி அட்டையில் ஏற்றிய தேதியைச் சிவப்பு மையில் எழுதிவிடுங்கள். போலியோ சொட்டு மருந்துக்கு இந்தத் தடை இல்லை. எக்கோ இப்போது ஒன்று, ஒன்றிரண்டு வாரத்தில் ஒன்று, நான்கு முதல் ஆறு வாரத்தில் ஒன்று என்று குறைந்தது மூன்று முறை பார்க்கப்படும், குழாய் தடித்திருந்தால் இன்னும் நெருக்கமாக.

வேறு எதுவாக இருக்கலாம் என்று கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். மணல்வாரியில் இருமல், மூக்கொழுகல், கண்ணில் நீர் எல்லாம் தூக்கலாக இருக்கும், தடிப்பு காதுக்குப் பின்னால் தொடங்கிக் கீழே இறங்கும். நீங்கள் மூன்றாம் நாள் தடிப்பைப் பார்த்து வேப்பிலை வைத்ததாகச் சொன்னதில் தப்பில்லை, ஆனால் அம்மை என்று வீட்டில் வைத்துக்கொண்டு ஐந்து நாள் கழித்து வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், அந்த ஐந்து நாள்தான் நமக்குத் தேவைப்படுகிற நாட்கள். படத்தில் ரொம்பவே குழப்புவது ஸ்கார்லெட் காய்ச்சல். தொண்டையில் ஒரு பாக்டீரியா வந்து அதன் நஞ்சால் வருவது. அதிலும் ஸ்ட்ராபெரி நாக்கு உண்டு, விரலும் உரியும். ஆனால் கண் சிவக்காது, உதடு இப்படி வெடிக்காது, தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும், பென்சிலின் வகை மருந்து கொடுத்த ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் அடங்கும். உங்கள் பையனுக்கு அடங்கவில்லை. நம் ஊரில் சின்னப் பூச்சி கடித்து வருகிற ஸ்க்ரப் டைபஸும் நாள்கணக்கில் காய்ச்சலோடு வரும், அதனால் அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால் சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று குளிப்பாட்டும்போது பாருங்கள், இருந்தால் சொல்லுங்கள்.

படம் எடுப்பதிலும் ஒன்று. நம் தோல் நிறத்துக்குத் தடிப்பின் சிவப்பு போன் படத்தில் சரியாக விழாது, கருமையாகவோ மங்கலாகவோதான் தெரியும். போதாக்குறைக்குப் போன்களே முகத்தை வழவழப்பாக்கி வெளுத்துக் காட்டுகின்றன. அந்த அழகுபடுத்தும் வசதியை அணைத்துவிட்டு, ஃப்ளாஷ் போடாமல், காலை வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் வைத்து எடுங்கள். உள்ளங்கையும் உள்ளங்காலும் நம் குழந்தைகளிடம் உண்மையைச் சொல்கிற இடங்கள், இவற்றை எடுங்கள். பக்கத்தில் உங்கள் கையையும் வைத்து எடுத்தால் நிற வித்தியாசம் தெரியும்.

நான் தவறவிட்ட குழந்தை ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற மற்ற பெற்றோருக்கு உதவும். ஐந்து மாதக் குழந்தை, எட்டு நாள் காய்ச்சல். உதடு லேசாகச் சிவப்பு, அவ்வளவுதான், நாக்கு இல்லை, கை வீக்கம் இல்லை. சிறுநீரில் சீழ் அணுக்கள் இருந்தன, சிறுநீர்த் தொற்று என்று நானே ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, அப்போதும் எனக்குப் பொறி தட்டவில்லை. குழந்தையின் பாட்டிதான், "இந்தத் தடுப்பூசி தழும்பு ஏன் இப்போ சிவந்து கட்டியா இருக்கு தம்பி?" என்று இடது தோளைக் காட்டினார். பிறந்தவுடன் போடுகிற பிசிஜி தழும்பு. ஆறியிருந்த அந்தத் தழும்பு காய்ச்சலோடு மறுபடி சிவந்து தடித்தால் அது கவாசாகியின் கையெழுத்து மாதிரி, ஐந்து அடையாளக் கணக்கில் அது இல்லாவிட்டாலும். கிருமி வளராத சீழ் அணுக்களும் இதே நோயில் வருவதுதான். எக்கோவில் எல்ஏடி ஏற்கெனவே தடித்திருந்தது. அன்றிரவே மருந்து ஏற்றினோம், மூன்று மாதத்தில் குழாய் இயல்புக்குத் திரும்பியது. ஒரு வயதுக்கு உட்பட்டவர்களிடம், அதிலும் ஆறு மாதத்துக்குக் கீழே, நோய் இப்படி அரைகுறை முகத்தோடு வரும், குழாய் பாதிப்போ அவர்களுக்குத்தான் அதிகம். அதனால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஏழு நாளாகக் காரணம் தெரியாத காய்ச்சல் இருந்தால், வேறு எந்த அடையாளமும் இல்லாவிட்டாலும், சிஆர்பியும் எக்கோவும் பார்த்துவிடுகிறோம். உங்கள் பையனுக்கு இந்த வயதில் தழும்பு சிவப்பது அபூர்வம், இல்லை என்பதை வைத்து நோயை விலக்கிவிட வேண்டாம்.

கிளம்பும்போது நாலு படமும் இருக்கிற போன், சார்ஜர், பத்தாம் நாள் ரிப்போர்ட், இதுவரை கொடுத்த மருந்துச் சீட்டுகள், தடுப்பூசி அட்டை இவ்வளவும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தாளில் காய்ச்சல் தொடங்கிய தேதியை முதல் நாள் என்று போட்டு, தடிப்பு, கண், உதடு, நாக்கு, வீக்கம், உரிதல் ஒவ்வொன்றும் எந்த நாள் வந்து எந்த நாள் போனது என்று கீழே கீழே எழுதுங்கள். இரவு டூட்டியில் இருக்கிற இளம் டாக்டர் அந்தத் தாளைத்தான் முதலில் படிப்பார். எக்கோ முடிந்ததும் அளவுகளை எனக்கு எழுதுங்கள், இசட் ஸ்கோரோடு.